மேல் வீட்டுக் குளியலறையால் எங்கள் கூரையில் ஈரக்கறை: காரணத்தை எப்படி உறுதி செய்வது?

முதல் தளவாசி (கேள்வி):
சென்னையில், கட்டி 14 ஆண்டுகளான அடுக்ககத்தில் முதல் தளத்தில் வசிக்கிறோம். படுக்கையறைக் கூரையில், மின்விசிறிக்கு அருகே, ஒரு பழுப்புக் கறை பரவி, அதன் விளிம்பில் உப்புப் பூத்து வண்ணப்பூச்சு உரிகிறது. மழை இல்லாத மாதங்களிலும் அது வளர்கிறது. மேல் வீட்டுக் குளியலறை இந்தக் கறைக்கு நேர் மேலே இல்லை; சுவருக்கு அப்பால் சற்றுத் தள்ளி இருக்கிறது. அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் ஒத்துழைக்கிறார்கள். ஆனால் வெளியூரில் இருக்கும் உரிமையாளர், சென்ற ஆண்டு பழைய டைல்ஸ் மீதே புது டைல்ஸ் ஒட்டிவிட்டதால் தம் வீட்டிலிருந்து நீர் கசிய வாய்ப்பில்லை என்கிறார். அவரிடம் எதை வைத்துப் பேசுவது?

வேளச்சேரி வாசி:
அந்தக் குளியலறையை இரண்டு நாள் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். கறை காய்ந்தால் குற்றம் அவர்களுடையது, காயாவிட்டால் வேறு இடம். டைல்ஸ் இடுக்குகளில் புதிதாகப் பூச்சு அடைத்தாலே சில நேரம் நின்றுவிடும்.

கட்டடப் பொறியாளர்:
நண்பர் சொன்ன சோதனை பாதி சரி. குளியலறைத் தளம் பொதுவாக ஓர் அடி அளவுக்குத் தாழ்த்தி வார்க்கப்பட்டு, அந்தப் பள்ளம் செங்கல் துண்டுகளால் நிரப்பப்பட்டிருக்கும். பல ஆண்டுகள் கசிந்த நீர் அந்த நிரப்பில் தேங்கி நிற்பதால், மேலே ஒரு சொட்டுக்கூட ஊற்றாவிட்டாலும் வாரக்கணக்கில் கீழே இறங்கும். இரண்டு நாளில் காயவில்லை என்பதை வைத்து மேல் வீட்டை விடுவித்துவிட முடியாது. கறை தள்ளி இருப்பதும் அப்படித்தான்: கான்கிரீட்டுக்குள் போகும் மின்குழாய் வழியே நீர் ஓடி, விசிறிக் கொக்கி அருகே வெளிவரும். முதலில் அந்த விசிறியின் மின்சுற்றை அணைத்து வையுங்கள்.

இன்றே கறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதிப் படம் எடுங்கள். பின்பு மூன்று இடங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். நல்ல தண்ணீர்க் குழாய் கசிந்தால் இரவு பகலாக ஈரம் ஒரே சீராக இருக்கும். குழாய் வாய்களை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்தால் அது தெளிவாகும். அடுத்து, தரையை நனைக்காமல், குளியலறைத் தரையின் நீர் வடிந்து இறங்கும் நஹானி டிராப்புக்குள் மட்டும் சாய நீரைக் குழாய் மூலம் ஊற்றுங்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டால், சில நாள் கழித்து டிராப்பை அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்கு வேறு நிற நீரைத் தேக்கி, மட்டத்தைக் குறித்து ஒரு நாள் விடுங்கள். நிரப்பில் சாயம் கரைந்து கீழே தெரியாமலும் போகலாம். அதனால் நீர்மட்டம் இறங்குவதையும் கவனியுங்கள்.

அம்பத்தூர் அம்மா:
எங்களுக்கும் இதே தொல்லை. கட்டுநரிடம் எழுத்தில் கேட்டோம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவைக் காட்டியதும் சரிசெய்து தந்தார்கள். நீங்களும் கட்டுநரையே பிடியுங்கள்.

கட்டடப் பொறியாளர்:
அம்மா, அந்தப் பிரிவு வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் குறைகளுக்கானது. இது 14 ஆண்டுக் கட்டடம்.

முதல் தளவாசி:
வாடகைதாரர்கள் முன்னிலையில், சங்கச் செயலாளரையும் அழைத்துச் சோதித்தோம். அழுத்த முள் அசையவில்லை. டிராப்புக்குள் நீலச் சாயம் ஊற்றிய மறுநாள் காலை, விசிறிக்கு அருகிலுள்ள விரிசலில் நீலம் தெரிந்தது. படங்களைப் பார்த்த உரிமையாளர் இப்போது மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கூரையில் துளையிட்டு ரசாயனம் செலுத்திவிடலாம் என்றும், செலவில் பாதியை நாங்கள் தர வேண்டும் என்றும் சொல்கிறார்.

கட்டடப் பொறியாளர்:
அதற்கு இசையாதீர்கள். கீழிருந்து அடைத்தால் மேலே தேங்கிய நீர் வேறு விரிசலைத் தேடும், கம்பியும் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். மேலே டிராப்பைச் சுற்றி உடைத்து, ஈர நிரப்பை அகற்றி, இணைப்பை மாற்றி, நீர்க்காப்புப் பூச்சு இட்ட பின் மறு நிரப்புக்கு முன்பே இரண்டு நாள் நீர் தேக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் கூரைக்கு வண்ணம் பூசுவது முழுதும் காய்ந்த பிறகுதான். தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் பூச்சை முதலில் கொத்திவிடுங்கள்.

அந்த டிராப் அவர் வீட்டுக்கு மட்டுமே பயன்படுவதால் செலவு அவருடையது என்பதே என் கருத்து. சோதனை விவரம், படங்கள், மதிப்பீடு ஆகியவற்றுடன், பெற்றதற்குச் சான்று கிடைக்கும் வகையில் கடிதம் அனுப்பி, சங்கத்துக்கும் நகல் கொடுங்கள். அசையாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு இசைந்தால்தான் அங்கே முடிவு கிட்டும். இல்லையெனில் உரிமையியல் நீதிமன்றம்தான்.

வேளச்சேரி வாசி:
எங்கள் அடுக்ககத்தில், டிராப்பிலிருந்து பொதுக் கழிவுக் குழாய் வரை செல்லும் கிடைக்குழாயைச் சங்கமே சரிசெய்தது. அங்கே உடைப்பு இருந்தால் யார் பொறுப்பு?

முதல் தளவாசி:
எங்கள் சங்க விதிகளில் அதைப் பற்றி எதுவும் இல்லை. செயலாளர் அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். உடைத்துப் பார்த்தால்தான் பழுது இணைப்பிலா அந்தக் குழாயிலா என்பது தெரியும். கடிதத்தை இன்று அனுப்புகிறேன்.