டிசைன் வேலைக்கு நிரந்தர ஆளா, வெளியாட்களா?

அச்சுக்கூடம்: சின்ன டிஜிட்டல் பிரஸ் நடத்துறேன். ஆர்டர் கூடிடுச்சு. இப்போ டிசைனை ரெண்டு ஃப்ரீலான்ஸர்கிட்ட கொடுக்கிறேன். ஒருத்தரை நிரந்தரமா சேர்க்கலாமா, இப்படியே ஓட்டலாமா?

தாள்மடிப்பு: சேர்க்காதீங்க. வேலை இல்லாத மாசமும் சம்பளம் போகும். வெளியாளுக்கு வேலைக்குத்தான் காசு.

ஒற்றுமை: நான் கட்டிங் மெஷினுக்கு ஆள் வச்சேன், மூணே மாசத்துல போயிட்டார். மெஷின் ஆள் கிடைக்கிறதே கஷ்டம்.

அச்சுக்கூடம்: மெஷினை நானே பார்த்துக்கிறேன்ங்க. கேட்டது டிசைனுக்கு.

மைக்கறை: ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க. புது டிசைன் எத்தனை, பழைய ஃபைல்ல திருத்தம் எத்தனை, ஃபைலுக்காக மெஷின் எவ்வளவு நேரம் நின்னுச்சு.

அச்சுக்கூடம்: எழுதிட்டேன். 12 வேலை நாள்ல மொத்தம் 64 வேலை. 45 வெறும் திருத்தம், தலா கால் மணி நேரம். 12 புது டிசைன், தலா 3 மணி நேரம். மீதி 7 அப்படியே மறு அச்சு. அச்சுக்கு முன்னாடி ஃபைல் பார்க்க ஒவ்வொண்ணுக்கும் 10 நிமிஷம்.

தாள்மடிப்பு: திருத்தமும் ஃபைல் பார்க்கிறதும் சேர்த்து 22 மணி நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்கூட இல்ல. இதுக்கு ஒரு சம்பளமா?

மைக்கறை: கணக்கு சரி. ஆனா அந்த ரெண்டு மணி நேரம் ஒரே இடத்துல உட்காரல, கால் கால் மணியா நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கு. கஸ்டமர் கவுண்டர்ல நின்னு "போன் நம்பர்ல ஒரு எண் தப்பு"ன்னு சொல்றார். ஃப்ரீலான்ஸர் அனுப்பினது கர்வ் பண்ணின பிடிஎஃப். எழுத்தெல்லாம் வெறும் வடிவமா மாறிடுச்சு, எழுத்தா டைப் பண்ணித் திருத்த முடியாது. அவர் போன் எடுக்கிற வரை மெஷின் நிக்கும்.

இன்னொண்ணு, பொடி எழுத்தைத் தனிக் கறுப்புல வைக்காம நாலு மையும் கலந்த கறுப்புல வச்சிருப்பாங்க. திரையில பளிச்சுனு தெரியும். அச்சுல நிறம் இம்மி விலகினாலும் எழுத்தைச் சுத்தி கலர் நிழல் விழும். அந்தத் தாள் நஷ்டம் உங்களுக்குத்தான்.

12 புது டிசைனுக்கு 36 மணி நேரம், அதாவது நாளுக்கு 3. அதையும் உள்ளாளே பார்த்தா அஞ்சு மணி நேர வேலை ஆச்சு. புத்தகம், கேட்டலாக் மாதிரி பெருசு வந்தா மட்டும் வெளியே கொடுங்க.

தாள்மடிப்பு: கர்வ் பண்ணாத ஃபைலையும் சேர்த்துக் கொடுக்கணும்னு முன்கூட்டியே பேசிட்டா, திருத்தத்தை பிரஸ்காரரே பண்ணிக்கலாமே?

மைக்கறை: கண்டிப்பா பேசணும், ஃபான்ட்டையும் சேர்த்துத்தான் வாங்கணும். ஆனா அவர் மெஷின் பக்கத்துல நிக்கும்போது திருத்த உட்கார்றது யாரு?

அச்சுக்கூடம்: நின்ன நேரத்தை இப்போதான் கூட்டினேன், 7 மணி நேரம். முதல்ல அரை நாளுக்கு ஒரு ஆள் போட்டுப் பார்க்கிறேன்.

தாள்மடிப்பு: அரை நாளுக்குக் கைதேர்ந்த ஆள் வரமாட்டார். வந்தாலும் திருத்தம் கேட்டு ஆள் வர்றது சாயங்காலம்தானே?

அச்சுக்கூடம்: அதை நோட்டுல குறிக்கல. இந்த வாரம் மணியையும் எழுதுறேன்.