பொசிஷனிங் உதாரணத்தில் சிக்கல், உதவுங்கள்
மார்க்கெட்டிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள். செக்மென்டேஷன், டார்கெட்டிங், பொசிஷனிங் பாடம் 40 பக்கம், அதை ஒரே பக்கமாகச் சுருக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் தர வேண்டும். சிக் ஷாம்பூவை எடுத்தேன். தலைக்கு என்ன தேய்க்கிறார்கள் என்று பார்த்து பாட்டில் ஷாம்பூ, சோப்பு, சீயக்காய் என மக்களைப் பிரிப்பது செக்மென்டேஷன், அதில் தலைக்கும் சோப்பே போடும் கிராமத்து வீடுகளைத் தேர்ந்தெடுப்பது டார்கெட்டிங், இதுவரை சரி. அப்புறம் பொசிஷனிங்குக்கு, அந்தக் காலத்தில் சிக் விற்ற "50 காசு பாக்கெட்" என்று எழுதிவிட்டேன். ஆனால் அது விலைதானே? வால்வோ என்றதும் பாதுகாப்பு ஞாபகம் வருகிறதே, அப்படி மனதில் நிற்கும் இடமல்லவா பொசிஷனிங்? யாருக்கு, எதற்குப் பதிலாக, என்ன பலன், ஏன் நம்பலாம் என்ற நான்கும் வரும்படி சிக்குக்கு ஒரே வாக்கியம் எப்படி எழுதுவீர்கள்?