புதுப்பிப்பு: கிராபிக்ஸ் கார்டின் கீச்சொலி விசிறியால் அல்ல

கேட்டிருந்தது: "கேம் ஓடும்போது கார்டு கீச்சிடுகிறது, விசிறி போகிறதா, கார்டிலுள்ள கம்பிச்சுருளான காயில் அதிரும் சத்தமா, கெடுதலா?"

உதவிய அனைவருக்கும் நன்றி. கடலூர் உப்புக்காற்றில் விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கும் என்ற புதுச்சேரி நண்பரின் ஊகத்தைச் சோதிக்க, கேம் எதையும் திறக்காமல் விசிறியை மட்டும் 100 சதவீதத்தில் ஓடவிட்டபோது, மெல்லிய கரகரப்பு கேட்டதே தவிர அந்தக் கீச்சொலி வரவில்லை. பழுதுபார்க்கும் அண்ணன் சொன்னபடி, நொடிக்கு நூற்றுக்கணக்கான பிரேம்கள் ஓடிய மெனுத் திரையை 60-க்குள் கட்டுப்படுத்தியதும் கீச்சொலி அக்கணமே அடங்கியது. ஆகவே அது காயில் அதிர்வே. காதுக்குத்தான் தொல்லை, கார்டுக்குக் கேடில்லை. பவர் சப்ளையை மாற்றியதும் தமக்கு நின்றதாகச் சொன்னவரின் வழியை நான் முயலவில்லை.

எதிர்பாராதது அந்தக் கரகரப்புதான். விசிறியின் வேகத்தோடு அது கூடிக் குறைவதால் நண்பரின் ஊகம் முழுத் தவறல்ல. விசிறி நின்றால் கார்டு சூடேறும் என்பதால், வெப்பநிலையைக் கவனித்து வருகிறேன்.