‘கேமிங் கிரேடு’ ஸ்டிக்கரை நம்பலாமா?

தங்கையின் கல்லூரிக்கு லேப்டாப் தேடுகிறோம். கடைசியில் இரண்டு மாடல்கள் நிற்கின்றன. இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4050 கிராஃபிக்ஸ் சிப், ‘கேமிங் கிரேடு’ ஸ்டிக்கர். ஆனால் அந்தச் சிப்புக்கு 35 முதல் 115 வாட் வரை எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் தயாரிப்பாளர் விருப்பம். வாட் குறைந்தால் வேகமும் குறையும். ஒன்றில் 95 வாட் என்று போட்டிருக்கிறது, மற்றதில் எண்ணையே காணோம். கடைக்காரரோ, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார்.

‘மிலிட்டரி டெஸ்டட்’ ஸ்டிக்கர் கதையும் இதேதான். அமெரிக்க ராணுவத்தின் 810எச் தரத்தில் எந்தெந்தச் சோதனை என்று தேர்ந்தெடுப்பதும் கம்பெனிதான்.

சிப் கம்பெனியான என்விடியாவின் கண்ட்ரோல் பேனலில், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் உச்ச வாட் தெரியும். கடை டெமோ மெஷினில் அதைத் திறந்து பார்க்க விடுவார்களா? 4050 வைத்திருப்பவர்களே, அரை மணி நேரம் விளையாடிய பிறகும் அந்த வாட் நிற்கிறதா?