புரோக்கருக்குப் பணம் கொடுக்கும் முன் வாடகை வீட்டின் முகவரியைச் சரிபார்ப்பது: சென்னை அனுபவங்கள்

மாடிவீடு
விளம்பரத்தில் ‘வேளச்சேரி, வேளச்சேரி மெயின் ரோடு அருகில், 2 பிஎச்கே, வாடகை 18,000’ என்று இருக்கிறது. மேப்பில் புள்ளி விஜயநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிறது. டோர் நம்பர் கேட்டால் புரோக்கர் சொல்ல மறுக்கிறார். 2,000 ரூபாய் டோக்கன் ஜிபே பண்ணினால்தான் வீட்டைக் காட்டுவாராம். இடம் உண்மைதானா என்று முதலில் எப்படித் தெரிந்துகொள்வது?

தெருமுனை
டோர் நம்பரை மறைப்பதை மட்டும் வைத்து ஆளைச் சந்தேகப்பட வேண்டாம். நம்பர் தெரிந்தால் நீங்கள் நேராக ஓனரிடம் போய்விடுவீர்கள், அவர் கமிஷன் போய்விடும் என்ற பயம் எல்லா புரோக்கருக்கும் உண்டு. ஆனால் தெருப் பெயரையும் பின்கோடையும் சொல்வதில் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதையும் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

உங்கள் விளம்பரத்தில் சிக்கலே ‘வேளச்சேரி மெயின் ரோடு’ என்ற வார்த்தைதான். அந்தச் சாலை வேளச்சேரியோடு நிற்பதில்லை. பள்ளிக்கரணை, மேடவாக்கம், சேலையூர் என்று தாம்பரம் வரைக்கும் போகிறது. வழியில் உள்ள கடைப் பலகைகளிலும் அதே பெயர்தான் எழுதியிருக்கும். ஆக, புரோக்கர் பொய் சொல்லாமலே உங்களை எட்டு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட முடியும். பின்கோடு வேளச்சேரிக்கு 600042. பள்ளிக்கரணைக்கும் மேடவாக்கத்துக்கும் 600100. சேலையூர் என்றால் 600073. மேப் புள்ளியை நம்பாதீர்கள். விளம்பரம் போடுகிறவர் ஏரியாப் பெயரை மட்டும் கொடுத்தால் புள்ளி ஏரியாவின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். விஜயநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கிண்டிக்காரன்
இதுக்கு ஏன் இவ்வளவு? வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க, பட்டா எடுத்துப் பாருங்க. எல்லாம் ஆன்லைன்லயே வந்துடும்.

தெருமுனை
அது வாங்குகிறவர்களுக்கு. வாடகைக்குப் போகிறவர் கையில் சர்வே நம்பரும் இருக்காது, பத்திர எண்ணும் இருக்காது. அவர் கேட்டு வாங்கக்கூடிய காகிதம் ஒன்றுதான்: கடைசி அரையாண்டுக்குக் கட்டிய சொத்து வரி ரசீது. வரித்தொகையை மறைத்துக்கொண்டு அனுப்பினாலும் பரவாயில்லை.

அந்த ரசீதில் வரி எண் மாநகராட்சி மண்டலத்தின் எண்ணில் தொடங்கும். அடுத்து கோட்டம், பில் எண் என்று போகும். வேளச்சேரி 13ஆம் மண்டலம், அடையாறு. பள்ளிக்கரணையும் மடிப்பாக்கமும் 14, பெருங்குடி. ஆதம்பாக்கம் 12, ஆலந்தூர். மேடவாக்கம் மாநகராட்சிக்கு வெளியே இருப்பதால் ஊராட்சி ரசீதுதான் வரும். ‘வேளச்சேரி வீடு’ என்று சொல்லிவிட்டு 14 என்று தொடங்கும் ரசீதைக் காட்டினால் அங்கேயே கதை முடிந்தது. எண் கையில் இருந்தால் மாநகராட்சி இணையதளத்திலும் போட்டுப் பாருங்கள். ரசீதின் படத்தில் எழுத்தை மாற்றலாம், அங்கே மாற்ற முடியாது.

அசோசியேஷன் ஆள்
கரண்ட் கார்டே போதுமே. அதில் பெயர், முகவரி எல்லாம் இருக்கிறது. கார்டில் யார் பெயரோ அவர்தான் ஓனர்.

தெருமுனை
பாதி சரி. இடத்துக்கு அது நல்ல சாட்சி. மீட்டர் போர்டில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் சர்வீஸ் நம்பரும் கார்டில் உள்ளதும் ஒன்றானால், அந்தக் கார்டு அந்த போர்ஷனுக்கானதுதான். ஆனால் ஓனர் யார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பெயர் மாற்றாமல் பில்டர் பெயரிலோ, வீட்டை விற்றுப் போனவர் பெயரிலோ பல வருஷமாக ஓடும் இணைப்புகள் ஏராளம். பெயர் வேறாக இருந்தால் உடனே பயப்படவும் வேண்டாம், ஒன்றாக இருந்தால் நிம்மதியாகவும் வேண்டாம்.

கேன் தண்ணி
நேரில் போகிறவர்களுக்கு டோர் நம்பரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். சென்னைத் தெருக்களில் பழைய எண், புதிய எண் இரண்டும் நடமாடுகின்றன. ஒரே தெருவில் பழைய எண் 31 ஒரு வீடு, புதிய எண் 31 வேறு வீடு. ஓனர் வெறுமனே ‘31’ என்று சொன்னால் எந்த 31 என்று கேளுங்கள். ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்று ஜோடியாகச் சொல்லட்டும். கேட்டில் இருப்பதும் ரசீதில் இருப்பதும் அந்த ஜோடியோடு பொருந்த வேண்டும். ‘1வது குறுக்குத் தெரு’ என்றால் எந்த நகரின் குறுக்குத் தெரு என்று கேட்காமல் ஆட்டோ ஏறாதீர்கள். ஒவ்வொரு நகரிலும் ஒன்று இருக்கும். தெருவின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விசாரிப்பது. ‘இது இன்னார் வீடுதானே?’ என்று நீங்களே பெயரை எடுத்துக் கொடுத்தால் எல்லோரும் ‘ஆமா சார்’ என்றுதான் சொல்வார்கள். ‘அண்ணே, இந்த மாடி வீடு யாருது? ஓனர் எங்க இருக்காங்க?’ என்று கேளுங்கள். பெயர் அவர்கள் வாயிலிருந்து வரட்டும். இஸ்திரி வண்டிக்காரருக்கு வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியும். கேன் போடுகிறவருக்கு எந்த மாடி எப்போது காலியானது என்று தெரியும். பக்கத்து மளிகைக் கடைக்காரருக்கு ஓனர் முகம் தெரியும்.

சேலையூர் அக்கா
இடமும் வீடும் நிஜமா இருந்து, ஆள் மட்டும் பொய்யா இருக்கிறதுதான் பெரிய ஆபத்து. லீஸுக்கோ வாடகைக்கோ குடியிருக்கிறவங்களே சாவியைக் காட்டி, ‘நான்தான் ஓனர்’னு சொல்லி இன்னொருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிடுவாங்க. வீட்டைச் சுத்திப் பார்த்தா இது தெரியவே தெரியாது. அதனால ஓனர் குடியிருக்கிற முகவரியைத் தனியா கேளுங்க. அக்ரிமென்ட்ல அது எப்படியும் எழுதணும், கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்க. அவர் மடிப்பாக்கம்னு சொல்லி, பக்கத்து வீட்டுக்காரங்களும் மடிப்பாக்கம்னு சொன்னா நல்லது. கையெழுத்தை அந்த வீட்டுலயே வச்சுக்கலாமான்னு கேளுங்க. இழுத்தடிச்சா பணத்தைக் கொடுக்காதீங்க.

மாடிவீடு
நீங்கள் சொன்னபடி ரசீது கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. 14 என்று தொடங்குகிறது, பின்கோடு 600100. ஆனால் பெயர் ஓனருடையது இல்லை, அவருடைய அப்பாவுடையதாம். அப்பா இல்லையாம்.

தெருமுனை
அப்படியானால் வீடு பள்ளிக்கரணையில். வேளச்சேரி வாடகை கேட்கிறார்களா என்று பாருங்கள். மழைக்காலத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள், பக்கத்துச் சுவரில் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். சதுப்பு நிலம் ஒட்டிய ஏரியா அது.

அப்பா பெயர் என்பது சாதாரணம்தான். வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா, வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டுவையுங்கள். உண்டென்றால் அவர்கள் சம்மதமும் வேண்டும் என்பது என் கருத்து.

சேலையூர் அக்கா
வாடகைக்கு அவ்வளவு தூரம் போகணுமா? ஒரு பிள்ளை வாடகை வாங்கிட்டு வர்றது அக்கம்பக்கத்துக்குத் தெரிஞ்சா போதும்னு நான் சொல்வேன்.

தெருமுனை
அட்வான்ஸ் பெரிய தொகை என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கிண்டிக்காரன்
எங்கிட்ட ஒரு புரோக்கர் வீடு காட்ட மட்டுமே 500 கேட்கிறார். அது நியாயமா?

கேன் தண்ணி
காட்டிய பிறகு பெட்ரோல் காசாகக் கேட்டால் உங்கள் இஷ்டம். காட்டுவதற்கு முன்பே ஜிபே என்றால் வேண்டாம். அந்த 2,000 டோக்கனும் அப்படித்தான். கமிஷன் ஒரு மாத வாடகை என்று பேசியிருந்தால் அக்ரிமென்ட் கையெழுத்தாகி, சாவி கைக்கு வந்த அன்று கொடுப்பதாகச் சொல்லுங்கள். டோக்கன் போட்டே ஆகவேண்டும் என்றால் அது ஓனரின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் ஓனர் பெயரா என்று பாருங்கள்.

அசோசியேஷன் ஆள்
வாட்ச்மேனைக் கேட்கச் சொல்லி யாரும் எழுதவில்லையே?

கேன் தண்ணி
கேளுங்கள், ஆனால் கடைசியில் கேளுங்கள். பல அப்பார்ட்மென்ட்டில் வாட்ச்மேனுக்கே ஒரு புரோக்கரோடு பேச்சு இருக்கும். வேறு புரோக்கரோடு வந்தவர்களிடம் ‘அது போயிடுச்சு சார்’ என்று சொல்லிவிடுவார்.