லோக்கலைஸ்டு டைட்டில்: தமிழில் எப்படிச் சொல்வது?

மீனாட்சி (கும்பகோணம்):

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆரி வேலை கற்றுத்தரும் யூடியூப் சேனல் ஒன்று நடத்துகிறேன். எங்கள் வட்டாரத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் சிலரும் வீடியோ போட ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்காகப் பத்துப் பக்கத்தில் ஒரு வழிகாட்டி எழுதுகிறேன். வேற்று மொழிக்காரர்கள் நம் பாடத்தைக் கண்டுபிடிக்கும்படி தலைப்பையும், கீழே ஓடும் எழுத்தையும் அவர்கள் மொழியில் ஏற்றுவது எப்படி என்பதுதான் விஷயம்.

இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று சப்டைட்டில், இன்னொன்று லோக்கலைஸ்டு டைட்டில். முதலாவதற்குத் 'துணைத்தலைப்பு' என்றும் இரண்டாவதற்கு 'மொழிபெயர்த்த தலைப்பு' என்றும் எழுதி ஒரு மாணவியிடம் கொடுத்தேன். "தலைப்பையே ரெண்டு தடவை மாத்தணுமா டீச்சர்?" என்று கேட்டாள். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

பாலசுப்பிரமணியன்:

அன்புள்ள மீனாட்சி, இதற்கு ஏற்கெனவே 'வசனவரி' இருக்கிறதே. திரைப்பட விழாக்களில் வேற்று மொழிப் படம் போடும்போது அப்படித்தான் எழுதுகிறார்கள். படத்தின் பெயரை அவரவர் ஊரில் மாற்றி வைப்பதும் புதிதல்ல. டப்பிங் படத்துக்குப் பெயர் மாற்றுவதில்லையா? 'மாற்றுப் பெயர்' என்று போட்டுவிடுங்கள்.

மீனாட்சி:

ஐயா, இது படம் இல்லை, பாடம். ஊசியை எப்படித் திருப்புவது என்று நான் பேசிக்கொண்டே தைக்கிறேன். அதில் வசனம் எங்கே இருக்கிறது? தலைப்பையும் மாற்றிவிடுவதில்லை. தமிழ்த் தலைப்பு அப்படியே இருக்கும். யூடியூபைப் பிரெஞ்சில் வைத்திருப்பவருக்கு மட்டும் பிரெஞ்சுத் தலைப்பு தெரியும்.

கிருத்திகா:

அக்கா, இந்த வேலையே தேவையா? யூடியூப் தானாகவே எழுத்தை மொழிபெயர்க்கிறதே. பார்ப்பவர் செட்டிங்கில் 'ஆட்டோ டிரான்ஸ்லேட்' தட்டினால் போதும். தலைப்பைக் கூகிளில் போட்டு எடுத்து ஒட்டிவிடலாம். 'தானியங்கி மொழிபெயர்ப்பு' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது, புதுச் சொல்லே வேண்டாம்.

இளங்கோ:

கிருத்திகா சொல்வது பாதி சரி. தானியங்கி எழுத்து, ஆள் வீடியோவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உதவும். அவரை அங்கே கொண்டுவருவது தலைப்பு. பிரெஞ்சில் தேடுகிறவருக்கு மீனாட்சி அக்காவின் தமிழ்த் தலைப்பு கண்ணில் படவே படாது என்றால், உள்ளே எத்தனை மொழியில் எழுத்து ஓடினாலும் பயன் இல்லை.

கூகிளில் போட்டு ஒட்டுவது பற்றி. அக்கா, உங்கள் தலைப்பு என்ன, எப்படி மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். அதை வைத்தே பேசுவோம்.

மீனாட்சி:

தமிழில் 'ஆரி வேலை: செயின் தையல், முதல் பாடம்'. 14 நிமிட வீடியோ. பிரெஞ்சுக்கு நான் முதலில் போட்டது `Travail Aari - Leçon 1`. மூன்று மாதம் கிடந்தது. அனலிட்டிக்ஸில் யூடியூப் தேடல் வழியாக வந்தவர்கள் என்ன தட்டினார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். ஒரு பிரெஞ்சுச் சொல்கூட இல்லை.

இளங்கோ:

நினைத்தேன். 'ஆரி வேலை' என்பதில் வேலை என்றால் நமக்குக் கைவேலை, பூவேலை. பிரெஞ்சில் travail என்றால் உழைப்பு, உத்தியோகம். தையல் தேடுகிறவர் அந்தச் சொல்லைத் தட்ட மாட்டார். broderie என்றுதான் தட்டுவார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சட்டத்தில் துணியை இறுக்கிக்கட்டி, கொக்கி ஊசியால் அடியிலிருந்து நூலை இழுத்துச் சங்கிலி போடும் இந்த வித்தை பிரான்சிலும் உண்டு. நாட்டின் வடகிழக்கே லோரேன் பகுதியில் லூனேவில் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரிலேயே அங்கே அதை அழைக்கிறார்கள். கொக்கி ஊசிக்கு `crochet de Lunéville` என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் இந்த ஊசி வேலை இந்தியாவிலிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது என்று சொல்வார்கள். ஆனால் அங்கே தேடுகிறவருக்கு 'ஆரி' என்ற பெயர் பெரும்பாலும் தெரியாது. ஆங்கிலத்தில் இதையே டாம்பூர் எம்பிராய்டரி என்கிறார்கள்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது மொழிபெயர்ப்பு அல்ல. அந்த ஊர்த் தையல்காரி தேடும்போது எதைத் தட்டுவாள் என்று கண்டுபிடித்து, அதையே தலைப்பில் வைப்பது. நான் இப்படிப் போடுவேன்:

`Broderie Aari : le point de chaînette au crochet de Lunéville`

தலைப்புக்கு 100 எழுத்து வரை இடம் உண்டு, இது அதற்குள் வந்துவிடும். ஆனால் கைபேசியில் நீளத் தலைப்பின் வால் வெட்டுப்படும். அதனால் முக்கியமான சொல் முன்னால் வரட்டும். 'முதல் பாடம்' என்பதை விளக்கக் குறிப்பில் போட்டுக்கொள்ளலாம்.

சிவா (மட்டக்களப்பு):

இது வேற்று மொழிக்குள் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. நான் பழமரக் கன்று ஒட்டுவது பற்றி வீடியோ போடுகிறனான். 'பப்பாசி' என்று தலைப்பு வைத்தால் எங்கட ஆட்கள் பார்ப்பினம், தமிழ்நாட்டில் ஒருவரும் வரமாட்டினம். அங்கே 'பப்பாளி' என்றுதானே தேடுவினம். தமிழுக்குள்ளேயே இரண்டு தலைப்பு வைக்க ஏலுமா?

இளங்கோ:

சிவா, நல்ல கேள்வி. ஸ்பானிஷுக்கு ஸ்பெயின், லத்தீன் அமெரிக்கா என்றும், போர்த்துகீசியத்துக்குப் பிரேசில் என்றும் பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றன. தமிழ் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் ஒரே தலைப்பில் இரண்டு சொல்லையும் வைக்கத்தான் வேண்டும்: 'பப்பாசி (பப்பாளி) ஒட்டுக்கன்று'.

பாலசுப்பிரமணியன்:

இப்போது விளங்குகிறது. நான் திரைப்படத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன், மன்னிக்கவும். இளங்கோ சொல்வதற்கு நம் இலக்கணத்தில் பழைய சொல்லே இருக்கிறது, வழக்கு. வட்டார வழக்கு, பேச்சு வழக்கு என்கிறோம். அந்த மக்கள் வழக்கில் அந்தப் பொருளுக்கு எந்தப் பெயரோ அதை வைக்கும் தலைப்பு, 'வழக்குத் தலைப்பு'.

கிருத்திகா:

ஐயா, கோர்ட் ஞாபகம் வருகிறது. வழிகாட்டியில் "உங்கள் வழக்குத் தலைப்பைப் பதிவேற்றுங்கள்" என்று இருந்தால் வக்கீலைத் தேடிப் போய்விடுவார்கள். 'உள்ளூர்த் தலைப்பு' என்றால் என்ன? உள்ளூராக்கம் என்ற சொல் மென்பொருள்காரர்களிடம் பழகிப்போன ஒன்று.

இளங்கோ:

உள்ளூர் என்றால் நம் ஊர் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். பிரெஞ்சுத் தலைப்பு செனகலில் இருப்பவருக்கும் கியூபெக்கில் இருப்பவருக்கும் காட்டப்படும். அது ஊரோடு ஒட்டியதில்லை, மொழியோடு ஒட்டியது. 'மொழித் தலைப்பு' என்று எளிமையாக வைக்கலாமா?

பாலசுப்பிரமணியன்:

மொழித் தலைப்பு என்றால் எல்லாத் தலைப்பும் ஏதோ ஒரு மொழியில்தானே இருக்கிறது, தம்பி.

மீனாட்சி:

சொல்லுக்கு முன்னால் ஒரு சந்தேகம். லூனேவில் என்று போடலாமா என்று எனக்குத் தயக்கம். அந்த முறையில் மணியும் ஜமிக்கியும் கோத்த நூல் துணிக்கு அடியில் இருக்கும். தைப்பவள் பின்பக்கத்தைப் பார்த்துத் தைப்பாள். நாங்கள் நேர்ப்பக்கத்தைப் பார்த்து, மணியை ஊசியிலேயே ஏற்றித் தைக்கிறோம். வெறும் செயின் தையலுக்கு வித்தியாசம் அதிகம் இல்லை. மணிப் பாடத்துக்கும் இதே தலைப்பை வைத்தால் "இது லூனேவில் இல்லை" என்று சண்டைக்கு வருவார்கள். பாதியில் எழுந்தும் போவார்கள்.

இளங்கோ:

இதை நான் யோசிக்கவில்லை, அக்கா. நீங்கள் சொல்வதுதான் சரி. மணிப் பாடத்துக்கு `Broderie Aari` மட்டும் தலைப்பில் வரட்டும். லூனேவில் முறையிலிருந்து எங்கே மாறுகிறது என்று விளக்கக் குறிப்பின் முதல் வரியில் சொல்லிவிடுங்கள். வருபவர் எண்ணிக்கை குறையும், ஆனால் வருபவர் உட்கார்ந்து பார்ப்பார்.

இன்னொன்று. வீடியோவின் மூல மொழி என்னவென்று குறித்திருக்கிறீர்கள்?

மீனாட்சி:

ஆங்கிலம் என்று இருக்கிறது! நான் வைக்கவில்லை, சேனலின் இயல்பு அமைப்பில் எப்போதோ போட்டது போலிருக்கிறது. அதனால்தானா ஆங்கிலத் தலைப்பு சேர்க்கப் போனபோது பட்டியலில் ஆங்கிலமே வரவில்லை?

இளங்கோ:

அதனால்தான். உங்கள் தமிழ்த் தலைப்பை ஆங்கிலத் தலைப்பு என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் அதைத் தமிழுக்கு மாற்றுங்கள். பிறகு ஸ்டுடியோவில் மொழிகளுக்கான பக்கத்தில் மொழியைச் சேர்த்து, தலைப்பும் விளக்கமும் ஒரு கட்டத்தில், எழுத்துக் கோப்பு இன்னொரு கட்டத்தில். முடிந்ததும் யூடியூபின் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றி உங்கள் வீடியோவைத் திறந்து பாருங்கள். பிரெஞ்சுத் தலைப்பு தெரிந்தால் சரி.

SRT என்ற வகை எழுத்துக் கோப்பு இப்படி இருக்க வேண்டும்:

```
12
00:01:04,200 --> 00:01:07,900
Tournez le crochet d'un demi-tour,
puis remontez le fil.
```

நொடிக்குப் பின்னால் வருவது காற்புள்ளி. VTT என்ற இன்னொரு வகைக் கோப்பில் அதே இடத்தில் முற்றுப்புள்ளி வரும். நான் ஒன்றிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டி ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். சேமிக்கும்போது UTF-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் é எல்லாம் குப்பையாக வரும். வீடியோவின் முன்பகுதியை வெட்டி மறுபடி ஏற்றினால் எல்லா நேரக்குறியும் அத்தனை நொடி பின்தங்கும். முதல் வரி சரியாக வருகிறதா என்று மட்டும் பார்க்காமல், கடைசி வரியையும் பாருங்கள்.

கிருத்திகா:

நிறைய வீடியோ இருந்தால் ஏபிஐ வழியாக, அதாவது நிரல் எழுதி, தலைப்பு ஏற்றலாம், அக்கா. ஆனால் நான் பட்டதைச் சொல்கிறேன். `localizations` பகுதியில் பிரெஞ்சை மட்டும் எழுதி `videos.update` அனுப்பினேன். ஏற்கெனவே இருந்த ஹிந்தி, ஸ்பானிஷ் தலைப்புகள் மாயமாகிவிட்டன. அந்தப் பகுதி முழுவதையும் நாம் அனுப்புவதை வைத்து மாற்றி எழுதிவிடுகிறது. இருப்பதை முதலில் எடுத்து, அதில் சேர்த்து, மொத்தமாக அனுப்ப வேண்டும்.

சிவா:

அந்தக் கீழே ஓடுற எழுத்துக்கு என்ன பெயர் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

பாலசுப்பிரமணியன்:

துணைத்தலைப்பு வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். பக்கத்திலேயே தலைப்பு நிற்கும்போது குழப்பம்தான், அந்த மாணவி கேட்டது நியாயமான கேள்வி. பேச்சு எதுவாயினும் அடியில் ஓடுவது என்ற பொருளில் 'அடியுரை' வைக்கலாம்.

கிருத்திகா:

சில வீடியோவில் மேலேயும் வருமே ஐயா. கீழே ஊசி தெரியவேண்டும் என்று அக்காவே மேலே வைக்கலாம்.

மீனாட்சி:

கையை மறைக்காமல் இருக்க மேலே வைக்க முடியுமா? அது எனக்கு ரொம்ப உதவும். இளங்கோ, எப்படி என்று சொல்லுங்கள்.

சொல் விஷயத்தில், அச்சுக்குப் போகும் முன் இப்படி எழுதுகிறேன்: 'அடியுரை', அப்புறம் 'வழக்குத் தலைப்பு'. இரண்டாவதை மாணவிகளிடம் படித்துக்காட்டினேன். ஒருத்திகூட கோர்ட்டை நினைக்கவில்லை. "அவங்க வழக்கத்துல என்ன பேரோ அது" என்று சட்டெனச் சொன்னார்கள். அதே மூச்சில் ஒருத்தி, "அப்போ 'வழக்கத் தலைப்பு'ன்னே வெச்சுடலாமே டீச்சர்" என்றாள். பாலு ஐயா, 'அ'வா 'உ'வா?

பாலசுப்பிரமணியன்:

வழக்கத் தலைப்பு என்றால் வழக்கமாக வைக்கும் தலைப்பு என்றும் ஆகும், அம்மா. அது உங்கள் தமிழ்த் தலைப்புக்கல்லவா பொருந்தும்? 'உ'வே இருக்கட்டும் என்பது என் கட்சி.

இளங்கோ:

நான் இன்னும் மொழித் தலைப்பு கட்சிதான். அடியுரையை மேலே வைக்க SRT போதாது, VTT கோப்பில் நேரக்குறி வரியின் முடிவில் `line:0` என்று சேர்த்து ஒரு வீடியோவில் முயன்று பாருங்கள். கைபேசியிலும் கணினியிலும் இரண்டிலும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.