சென்ட் போட்ட ஒரு மணி நேரத்தில் நமக்கே வாசனை தெரியாமல் போவதற்குத் தமிழில் என்ன சொல்?

மலர்விழி:
வணக்கம். சென்ட் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில் அடித்துக்கொண்டு கிளம்புகிறோம். ஒரு மணி நேரத்தில் வாசனை தெரிவதில்லை. தீர்ந்துவிட்டது என்று மறுபடி இரண்டு முறை அடித்துக்கொள்கிறோம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மற்றவர்களுக்குத் தெரிவது நமக்கு மட்டும் தெரியாமல் போகிற இந்த நிலைக்கு ஒரு சொல் வேண்டும். ‘முகர்வுத் தகவமைவு’ என்று எழுதிப் பார்த்தேன். படித்தால் பாலைவனத்து ஒட்டகம்தான் நினைவுக்கு வருகிறது.

கணேசன்:
‘முகர்வு அயர்ச்சி’ என்று வையுங்கள். உலோக அயர்ச்சி என்று பொறியியலில் ஏற்கெனவே புழங்குகிறது. நான் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தவன். அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கசிந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நாற்றம் நின்றதை நம்பி உள்ளே போகாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். ‘மூக்கு செத்துப்போச்சு’ என்போம். மூக்கில் வாசனையைப் பிடிக்கிற ஏற்பிகளெல்லாம் நிரம்பிவிடுகின்றன, மேற்கொண்டு உட்கார இடமில்லை. சென்ட்டிலும் இதே கதைதான்.

ராஜி:
எனக்கும் இது இருக்கிறது. போன வருடம் காய்ச்சல் வந்ததிலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசனைகூடத் தெரியவில்லை. சென்ட்டை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

நித்திலா:
ராஜி அக்கா, உங்களுடையது வேறு. எந்த வாசனையுமே தெரியவில்லை என்றால் அது முகர்விழப்பு. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கணேசன் ஐயா, ‘நிரம்பிவிடுகின்றன’ என்பதில்தான் எனக்குத் தயக்கம். வாசனை மூலக்கூறு ஏற்பியில் ஒட்டியதும் அந்த நரம்புச் செல்லில் அயனித் தடங்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே வருகிறது. சமிக்ஞை கிளம்ப உதவுவதும் அந்தக் கால்சியம்தான், சில நொடிகளில் அதே தடங்களை மந்தமாக்குவதும் அதுதான். ஏற்பியில் இடம் காலியாக இருந்தாலும் செல் தன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. நல்ல காற்றில் கொஞ்ச நேரம் நின்றால் மீண்டுவிடும்.

இதற்கு மேல் மூளையில் இன்னொரு படி இருக்கிறது. மணத்தை உணரும் மூளைப் பகுதியான முகர்வுப் புறணி, மாறாமல் வந்துகொண்டே இருக்கும் மணத்தைப் பின்னணியில் தள்ளிவிடுகிறது. உங்கள் காலரிலிருந்து நாள் முழுக்க ஒரே மணம் வருகிறதே, அதை ஒதுக்குவதில் இதற்குப் பெரிய பங்கு.

முக்கியமானது, இது அந்த மணத்துக்கும் அதை ஒத்த மணங்களுக்கும் மட்டும்தான். தன் சென்ட்டே தெரியாமல் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்து மேசையில் பிளாஸ்க்கைத் திறந்தால் காபி வாசனை பளிச்சென்று தெரியும். மூக்கு அயர்ந்துபோயிருந்தால் அதுவும் தெரியக்கூடாது அல்லவா? ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு, அதாவது 100 பிபிஎம் அளவை எட்டினால் 2 முதல் 15 நிமிடத்துக்குள் முகரும் திறனையே முடக்கிவிடும். அதற்கு ‘முகர்வு மரப்பு’ என்று தனிச் சொல் தரலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆலைக்காரர்களுக்குத்தான் ஆபத்து.

காதர்:
அத்தர் வியாபாரம் எங்களுக்குத் தலைமுறைத் தொழில். சொல்லை நீங்கள் முடிவு பண்ணுங்கள். மலர்விழி அம்மா கேட்டதில் ‘மறுபடி அடிக்கிறோம்’ என்ற பகுதியை யாரும் தொடவில்லையே.

ஒரு சென்ட்டில் முதலில் கிளம்புவது எலுமிச்சை, ஆரஞ்சு, லாவெண்டர் மாதிரி இலகுவான மணங்கள். கால் மணி, அரை மணியில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். அடியில் தங்குவது சந்தனம், கஸ்தூரி, வெனிலா, ஆம்பர் வகை. அவை சட்டையில் மறுநாள்கூட இருக்கும். ஆக, ஒரு மணி நேரம் கழித்து உங்களுக்கு வாசனை குறைந்திருப்பதில் பாதி நிஜம்தான், மேல் மணம் போய்விட்டது. மீதியை மூக்கு மறைக்கிறது.

இப்போது மறுபடி இரண்டு முறை அடிக்கிறீர்கள். ஒரு அழுத்துக்குச் சுமாராக 0.1 மில்லி என்று வையுங்கள். எலுமிச்சை மணம் குப்பென்று வருகிறது. மூக்கு அதை விட்டு அரை மணிக்கு மேல் ஆகிவிட்டதால் புதிதாகத் தெரிகிறது. ‘பார்த்தியா, முன்னாடி போட்டது போயே போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். ஆனால் காலையில் போட்ட 0.2 மில்லியின் கஸ்தூரியும் சந்தனமும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் மேல் இன்னொரு 0.2 ஏறிவிட்டது. மதியம் இன்னொரு தடவை அடித்தால் அடி மணம் கிட்டத்தட்ட மூன்று பங்கு. உங்களுக்குத் தெரிவது ஒவ்வொரு தடவையும் அந்த எலுமிச்சை மட்டும். லிஃப்டில் கூட வருகிறவருக்கு அடியில் சேர்ந்தது முழுக்கத் தெரியும்.

கடையில் மூக்கு குழம்பினால் காபிக்கொட்டையை முகரச் சொல்வார்கள். சோதித்துப் பார்த்ததில் வெறும் காற்றைவிட அது உசத்தி இல்லை என்றே தெரிந்தது. நாங்கள் வாசலுக்குப் போய் நிற்போம். வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, நேற்றுக் கழற்றிப் போட்ட சட்டையைக் காலையில் குளித்ததும் முகர்ந்து பாருங்கள். அதில் இன்னும் மணம் இருந்தால் நேற்றுப் போட்டதே தாராளம். அப்புறம், கழுத்தில் போடாமல் முழங்கை மடிப்பில் போட்டால் மூக்குக்கு ஓயாமல் ஏறாது.

கணேசன்:
காதர் பாய் சொன்னதைப் பார்த்தால் எனக்கு மனைவியிடம் ஒரு மன்னிப்புப் பாக்கி. சரி, மரப்பைத் தனியாக வைப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘அயர்ச்சி’யை ஒரேயடியாகக் கைவிட மனமில்லை. காதுக்குக் கேட்டவுடன் பொருள் புரிகிற சொல் அது.

சிவகுமார், யாழ்ப்பாணம்:
எங்கட பாடப்புத்தகங்களில் தகவமைவுக்கு ‘இசைவாக்கம்’ என்றுதான் இருக்கு. கண் இருட்டுக்குப் பழகுவதும் இசைவாக்கம், மூக்கு மணத்துக்குப் பழகுவதும் இசைவாக்கம். ‘மண இசைவாக்கம்’ என்றால் மாணவருக்குப் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டியதில்லை.

நித்திலா:
சிவகுமார், ‘மண’ என்று தொடங்கினால் மாறுவது மணம் என்று ஆகிவிடும். நான் ‘மணத் தணிவு’ என்று யோசித்துக் கைவிட்டதும் அதனால்தான். காதர் பாய் பிரித்துக் காட்டினாரே, ஆவியாகிக் குறைவது ஒன்று, மூக்கு குறைத்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதுக்கு ‘மணத் தணிவு’, இரண்டாவதுக்கு ‘முகர்வுத் தணிவு’ என்று வைத்தால் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் குழப்பமில்லாமல் எழுதலாம். செல் அளவில் நடப்பதையும் மூளை அளவில் நடப்பதையும் பிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் பின்னதை ‘முகர்வுப் பழகல்’ எனலாம்.

சிவகுமார்:
பாடப்புத்தகத்துக்கு இசைவாக்கம்தான் வசதி. கட்டுரைக்கு நீங்கள் சொன்னது பொருந்தும். ‘பழகல்’ எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

மலர்விழி:
எல்லோருக்கும் நன்றி. கட்டுரையில் இப்படிப் போடுகிறேன்: “அரை மணியில் மணத் தணிவு, அதோடு முகர்வுத் தணிவும் சேர்ந்துகொள்வதால், இருக்கிற சென்ட்டை இல்லை என்று நினைக்கிறோம்.” பழகலை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

காதர் பாய், ஒரு சந்தேகம். என் தங்கைக்குச் சில கஸ்தூரி வகைகள் போட்ட நொடியிலிருந்தே தெரிவதில்லை. ரோஜா, மல்லிகை எல்லாம் நன்றாகத் தெரியும். இதுவும் முகர்வுத் தணிவுதானா?

காதர்:
இல்லை அம்மா. சிலருக்குப் பிறவியிலேயே குறிப்பிட்ட சில கஸ்தூரி வகைகள் தெரியாது. அவர்களுக்குப் போட்ட நொடியிலேயே குறைவாகத்தான் தெரியும், அதனால் கை தாராளமாக ஓடும். எங்களிடம் வாங்க வந்தால் கூட வந்தவர் மூக்கைத்தான் கேட்போம். அதற்கு என்ன பேர் என்று நித்திலா அம்மாதான் சொல்ல வேண்டும்.

நித்திலா:
‘குறிமண முகர்வின்மை’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. யாராவது சின்னதாக ஒன்று சொல்லுங்கள்.